இடது பாதம் தூக்காத காலம்

அந்த நாட்களில் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து வெள்ளவத்தைக்குப் புடவைக் கட்டுகள் கொண்டு வருவது என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்கு வந்தவன் நான். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மன் வேலை. கடையின் சுவர் முழுக்கத் தட்டுகள். உச்சித் தட்டில் கூறைச் சேலைகளும் விலை கூடிய பட்டுகளும் இருக்கும். ஏணியில் ஏறி அவற்றை இறக்கிப் போடுகிறவனுக்குத்தான் கடையில் மதிப்பு. ஏற முடியாதவன் வாசலில் நின்று கைக்குட்டை விற்கவேண்டியதுதான்.

விபத்து நடந்த அன்று வானின் முன் சீற்றில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தேன். காலுக்குக் கீழே ஒரு கட்டு, மடியில் ஒரு கட்டு. முழங்கால் இரண்டும் முன் தகட்டில் முட்டிக்கொண்டிருந்தன. முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது, எங்கள் வான் அதன் பின்னால் மோதியது. கண்ணாடி உடையவில்லை, ரத்தம் இல்லை. சாரதி இறங்கி நின்று பஸ்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னால் மட்டும் இறங்க முடியவில்லை. இடது முழங்கால் தகட்டில் இடித்த இடியில் தொடையெலும்பு பின்பக்கமாகத் தள்ளப்பட்டு இடுப்பு மூட்டை விட்டு வெளியே வந்திருந்தது. கால் மடங்கி, உள்பக்கமாகத் திரும்பி, மற்றக் காலின் மேல் சாய்ந்து, வேறு யாருடைய காலோ போலக் கட்டையாய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த இளம் வைத்தியர், வலி தாங்க முடியாமல் நான் கத்திக்கொண்டிருக்கும்போது, இடுப்பைத் தொடவேயில்லை. பாதத்துக்குத்தான் போனார்.

“பாதத்தைக் கீழ அமத்துங்கோ.”

அமத்தினேன்.

“இப்ப மேல தூக்குங்கோ.”

தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். தலையை உயர்த்திப் பார்த்தால் பாதம் அசையவில்லை. விரல்களும் மேலே வரவில்லை. ஒரு ஊசியால் குத்திக்கொண்டு வந்தார். உள்ளங்காலில் சுருக்கென்றது. பாதத்தின் மேற்பக்கத்தில், அதிலும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில், துணியை வைத்து அழுத்துவது போல மட்டும் இருந்தது.

“டொக்டர், இடுப்பில அடிபட்டதுக்கு ஏன் கால் விரலைப் பாக்கிறியள்?” என்று கேட்டேன்.

“மூட்டை உள்ள போடுறதுக்கு முதலும் பாக்கவேணும், போட்ட பிறகும் பாக்கவேணும். இல்லாட்டி நரம்பு விபத்தில கெட்டதோ நாங்கள் இழுத்ததில கெட்டதோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

மயக்கம் தந்து, அதிக நேரம் விடாமல் மூட்டை உள்ளே போட்டார்கள். கண் விழித்தபோது கால் நேராகக் கிடந்தது. வலி பாதிக்கு மேல் போயிருந்தது. அதே வைத்தியர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். கீழே அமத்த முடிந்தது. மேலே தூக்க முடியவில்லை. “முதல் இருந்ததுதான், கூடேல்ல” என்று எழுதிக்கொண்டு போனார். அவருக்கு அது திருப்தி. நான் அந்த ‘முதல் இருந்தது’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டேன்.

நான் சின்ன விஷயத்துக்கும் யோசிக்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் என்று மனைவி பகிடி பண்ணுவாள். அப்படிப்பட்டவனுக்கு அசையாத ஒரு பெருவிரலைக் கொடுத்துக் கட்டிலில் படுக்கப் போட்டால் எப்படி இருக்கும்? காலில் பட்டி கட்டிப் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். நான் போர்வையை விலக்கிப் பெருவிரலைப் பார்ப்பேன். தூக்கு என்று மனசுக்குள் சொல்வேன். அது ஊரான் வீட்டுப் பிள்ளை போலச் சும்மா கிடக்கும்.

பக்கத்துக் கட்டிலில் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார். மருதானைப் பக்கம் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தவர். லொறி பின்னுக்கு வரும்போது சுவருக்கும் லொறிக்கும் இடையில் அகப்பட்டு இடுப்புக்கூடு முன்னாலும் பின்னாலும் உடைந்திருந்தது. வயிற்றுக்கு முன்னால் இரும்புக் கம்பிகளை எலும்பில் பூட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

“தம்பி, ரூபவாஹினி டீவி தெளிவா ஈக்கா? என்ட அன்டெனாவ கொஞ்சம் திருப்பிப் பாருங்க” என்பார், அந்தக் கம்பியைக் காட்டி.

நான் சிரிக்கவில்லை என்றால் விடமாட்டார். “நீங்க என்னத்துக்கு மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு? ஒங்களுக்கு பாதம் மட்டும்தானே வேலநிறுத்தம். எனக்கு முழு கம்பனியே மூடிட்டாங்க.”

உண்மைதான். அவருக்குத் தொடையே சரியாக அசையவில்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள்.

எங்கள் வார்டின் பெரிய வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். மாணவர்கள் சூழ வந்து, முதலில் என் காலை மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னார். பட்டியைக் கழற்றிக் குப்புறப் படுக்கவைத்துப் பிட்டத்தை இறுக்கச் சொன்னார். முழங்காலை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, சின்னச் சுத்தியலால் குதிக்காலின் தசைநாரைத் தட்டினார். பாதம் ஒரு துள்ளுத் துள்ளியது. அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு நானாவிடம் போனார். அங்கே திரை போட்டார்கள். திரைக்குள்ளே மாணவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஊசியால் குத்தி “இது தெரியுதோ, இது தெரியுதோ” என்று கேட்கும் குரலும், கொஞ்ச நேரத்தில் நானாவின் குரலும் கேட்டன.

“டொக்டர், அம்பது வயசு வரைக்கும் என்ட பொஞ்சாதியே பாக்காத எடத்த ஒங்கட முழு வகுப்பும் பாத்துட்டுது. இனி இவங்க எல்லாருக்கும் நான் சொந்தக்காரன்.”

உள்ளே சிரிப்புச் சத்தம். திரையை விலக்கிக்கொண்டு வந்த பெரியவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் நான் பயந்துபோய்க் கேட்டேன்: “டொக்டர், எனக்கும் அவருக்கு வந்தது வருமோ?”

அவர் என் கட்டிலின் விளிம்பில் இருந்தார்.

“வராது. கேளும். முள்ளந்தண்டில இருந்து வாற நரம்பெல்லாம் இடுப்புக்கூட்டுக்கு உள்ள வந்து பின்னிப் பிணைஞ்சு, பிறகு பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. அவருக்கு எலும்பு உடைஞ்சது அந்தப் பின்னலுக்குப் பக்கத்தில. அதாலதான் பிட்டம், தொடை, மூத்திரம், எல்லாத்தையும் சோதிக்கவேணும். உமக்குப் பிட்டமும் தொடையும் சரியா வேலை செய்யுது. ஆனபடியா அடி அதுக்குக் கீழ, மூட்டுக்குப் பின்னால போற பெரிய நரம்பில. அந்த நரம்பு ஒண்டு மாதிரித் தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு. உள்பக்கத்து நரம்பு பாதத்தைக் கீழ அமத்தும். வெளிப்பக்கத்து நரம்பு மேல தூக்கும். தொடையெலும்பு வெளியில வரேக்க இழுபட்டது வெளிப்பக்கத்தான். அவன் மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டின கயிறு மாதிரி, இளகிக் குடுக்கமாட்டான். எப்பவும் அவனுக்குத்தான் அடி.”

“அறுந்துபோச்சோ?”

“அறுந்திருக்காது. இழுபட்டிருக்கு. மேலுறை இருக்கும், உள்ளுக்க கம்பி செத்திருக்கும். அடிபட்ட இடத்தில இருந்து திரும்ப வளர்ந்து வரவேணும். மாதத்துக்கு ஒரு அங்குலம் எண்டு வைச்சுக்கொள்ளும்.”

பிட்டத்தில் ஒரு விரலையும் முழங்காலுக்குக் கீழே இன்னொரு விரலையும் வைத்துக் காட்டினார். அந்தத் தூரத்தை நான் அங்குலக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்.

“ஒரு வருசமோ டொக்டர்?”

“கூடவும் எடுக்கும். ஓரளவுக்கு வரும் எண்டு எதிர்பாக்கிறன். முழுக்க வரும் எண்டு சொல்லமாட்டன். உள்பக்கத்தான் அடிபட்டா நல்லா மாறும். வெளிப்பக்கத்தான் கொஞ்சம் சோம்பேறி.”

“டொக்டர், நான் ஏணியில ஏறுற வேலை.”

“அப்ப ஏணிக்குத்தான் வைத்தியம் செய்வம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நானா என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா, ஒங்களுக்கு ஒரு வயர்தான் போயீக்கு. எனக்கு மெயின் போர்ட்டே போயீக்கு. வயர் மாத்துறது லேசி.”

காலில் தொங்கிய பாரத்தைக் கழற்றி, ஊன்றுகட்டைகளோடு நடக்கத் தொடங்கிய பிறகுதான் பாதம் தூக்காதது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை அளவுக்கு மேல் உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் விரல் நுனி நிலத்தில் இழுபடும். கீழே வைக்கும்போது பாதம் ‘சடக்’ என்று தரையில் அறையும். பிசியோதெரபிப் பகுதியில் இருந்த சிங்கள மிஸ் என் கெண்டைக்காலைச் சுற்றி மா போலச் சாந்து பூசி அச்செடுத்தார். சில நாட்களில் ஒரு பிளாஸ்டிக் பலகை வந்தது. கெண்டைக்குப் பின்னால் ஏறி, குதியில் திரும்பி, உள்ளங்காலுக்குக் கீழே நீண்டு கிடக்கும். சப்பாத்துக்குள் அதை வைத்துக் காலை நுழைத்தால் பாதம் விழாது.

“நடக்கும்போது எல்லாம் போடணும். படுக்கும்போதும் சப்பாத்து இல்லாம போட்டா நல்லது” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். துவாயைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுக்கும் பயிற்சியும் காட்டினார். விறைத்த தோலில் புண் வந்தாலும் தெரியாது, ஒவ்வொரு நாளும் பார் என்றார். சுடுதண்ணீர் கவனம் என்றார்.

ஒரு மாதம் போனதும் நரம்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். மின்சாரம் தட்டித் தட்டி, பிறகு மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டு, ஒரு பெட்டியில் அதன் சத்தத்தைக் கேட்பார்கள். என் முன்காலில் ஊசி இறங்கியதும் தகரக் கூரையில் மழைத் தூறல் விழுவது போலச் சத்தம் வந்தது. “தூக்கப் பாருங்க” என்றார்கள். தூக்கப் பார்த்தேன். தூறல் மட்டும்தான். பின்தொடையின் வெளிப்புறத்திலும் அதே தூறல். இது நரம்பு இல்லாத தசை தானாகப் புலம்புவது என்று அந்த வைத்தியர் சொன்னார். பிட்டத்தின் தசை மட்டும் ஒழுங்காகப் பேசியது.

வீட்டுக்கு வந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம், நானும் மனைவியும். எங்கள் அறைக்குப் போவதென்றால் வீட்டுக்கார அன்ரியின் முன்கூடத்தைக் கடந்து, சாமியறை வாசலைக் கடந்து போகவேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றாமல் அந்த வீட்டுக்குள் ஒருத்தரும் போனதில்லை. யுத்த காலத்தில் தமிழர் வீடுகளில் ஆட்பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரரையே அன்ரி வாசல்படியில் நிற்க வைத்துக் கதைத்து அனுப்பியவர். ஆகவே நானும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். பலகையும் அதோடு கழன்றது. சப்பாத்து வாசலில் கிடந்தது, நான் உள்ளே வெறுங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இதில் பிழை இருப்பதாக மனைவிக்கோ, அன்ரிக்கோ, எனக்கோ தோன்றவேயில்லை.

வெளியே போகும்போது போட்டேன். ஒருநாள் பஸ்சை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தபோது ஒரு இராணுவச் சிப்பாய் என் நடையைப் பார்த்துவிட்டான்.

“மொகத மே?” என்று பலகையைக் காட்டிக் கேட்டான்.

“கக்குல உஸ்ஸன்ன பே மாத்தயா” என்றேன். கால் தூக்க ஏலாது என்று.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். பலகையை எடுத்து வளைத்தான், விரலால் தட்டினான், வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். அடுத்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பலகை இல்லாமல் நடந்து காட்டச் சொன்னார்கள். ‘சடக், சடக்’ என்று தார் வீதியில் நடந்தேன். பஸ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகச் சொல்லிவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “இனி நீங்கள் வெளிக்கிட வேண்டாம். அந்தப் பலகையைத் துவக்கின்ர துண்டெண்டு எவனாவது நினைச்சா நான் எங்க போய்த் தேடுறது?”

நான் மறுக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளன்று நகரத்தில் குண்டு வெடித்து வீதிகளை மூடிவிட்டார்கள். அதற்கும் போகவில்லை. சப்பாத்து வாசலில் கிடந்தது, பலகை அதற்குள் இருந்தது. படுக்கும்போதும் அதை எடுத்துப் போடவில்லை, சப்பாத்துக்குள் கிடந்ததைப் படுக்கையில் வைக்க மனைவிக்கு மனம் வரவில்லை. துவாய்ப் பயிற்சியைக் காலையில் ஒரு தரம் செய்தேன். மற்ற நேரமெல்லாம் கட்டிலில் இருந்து பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் தன்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மாதமளவில் மறுபடி பெரிய வைத்தியரிடம் போனோம். அவர் என் குதியைக் கையில் ஏந்திப் பாதத்தை மேலே தள்ளினார். பாதி வழியில் அது நின்றது. இன்னும் தள்ளினார். பின்னால் குதிக்கால் தசைநார் கம்பி போல இறுகியது.

“பலகை போடுறேல்லையோ?”

“போடுறனான் டொக்டர், வெளிய போகேக்க.”

“எத்தினை தரம் வெளிய போறனீர்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள்தான் பதில் சொன்னாள். “செக்கிங் பயத்தில இப்ப போறதில்ல டொக்டர்.”

“அப்ப வீட்டுக்குள்ள?”

“வீட்டுக்குள்ள எப்பிடி டொக்டர் சப்பாத்தோட…?”

அவர் என் காலை மெல்லக் கட்டிலில் வைத்தார். பிறகு தன் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். “என்ர வீட்டிலயும் சப்பாத்து வாசலிலதான். நான் ஒருநாளும் இதைக் கேக்க யோசிக்கேல்ல, பாரும். நடக்கேக்க போடும் எண்டு சொன்னம். எங்கட சனம் நடக்கிறது முழுக்க வெறுங்காலிலதான்.” சிரிப்பை நிறுத்தினார். “ஆனா இது பகிடியில்ல. நரம்பு கஷ்டப்பட்டு வளர்ந்து வந்து பாதத்தைத் தூக்கு எண்டு சொல்லேக்க, கணுக்கால் பூட்டிக் கிடந்தா பாதம் எழும்பாது. நரம்பு வந்தும் பிரயோசனமில்ல.”

நான் குனிந்து குதியைப் பார்த்தேன். இவ்வளவு காலம் விரலைப் பார்த்தேனே தவிர, குதியைப் பார்க்கவேயில்லை.

“குப்புறப் படும்” என்றார். படுத்தேன். முழங்காலை மடக்கச் சொல்லி, எதிராகக் கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால் வெளிப்புறத்தில் விரலை வைத்து அழுத்தினார். இன்னொரு தரம் மடக்கச் சொன்னார். இன்னொரு தரம்.

“நீர் பெருவிரலைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறீர்?”

“ஓம் டொக்டர்.”

“அது கடைசி ஸ்ரேசன். கோட்டையில வெளிக்கிட்ட றெயிலை மாத்தறையில நிண்டு பாத்தா எப்பிடி? தொடைக்குப் பின்னால வெளிப்பக்கத்தில ஒரு சின்னத் தசை இருக்கு. முழங்காலுக்கு மேல அந்த வெளிப்பக்க நரம்பு வேலை வாங்கிற தசை அது ஒண்டுதான். முதல் ஸ்ரேசன் அதுதான். இண்டைக்கு அது கொஞ்சம் இறுகிற மாதிரி இருக்கு. ஆனா அதோட சேந்து இழுக்கிற மற்றத் தசை உள்பக்கத்தான்ர. என்ர விரல் ஏமாறலாம். ஊசி ஏமாறாது.”

ஊசிச் சோதனைக்குத் திரும்பப் போனோம். பின்தொடையில் ஊசி இறங்கியது. தூறல் இருந்தது, ஆனால் குறைவு. “மடக்குங்க” என்றார்கள். மடக்கினேன். தூறலுக்கு நடுவே ‘டொக்… டொக்… டொக்’ என்று யாரோ கதவு தட்டுவது போலச் சத்தம் கேட்டது. முன்காலில் இன்னும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தட்டலைக் கேட்டு மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஊசி என்றாலே பயம், ஆனாலும் வெளியே போகவில்லை.

இனிப் பிரச்சினை நரம்பில் இல்லை, குதியில் இருந்தது. பிசியோதெரபி மிஸ் பாதத்தை முடிந்த அளவு மேலே தள்ளி, பஞ்சு நிறைய வைத்துச் சாந்துக் கட்டுப் போட்டார். ஒரு கிழமை கழித்து வெட்டி, தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி அடுத்த கட்டு. அப்படியே பல கட்டுகள். பாதம் நேராக வந்து நின்றபோது மிஸ் சொன்னார்: “இனி கழட்டினா திரும்பவும் போகும். வீட்டுக்குள்ளயும் சப்பாத்து. சரியா?”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்ரியிடம் யார் கேட்பது? மனைவி வெற்றிலையும் பழமும் வாங்கிக்கொண்டு போய், அன்ரியின் ஊர்க் கதை, மகனின் கனடாக் கதை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். நான் அறைக்குள் இருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“சப்பாத்தோ? சாமியறைக்கு முன்னாலயோ?” என்றார் அன்ரி.

“டொக்டர் சொல்லுறார், இல்லாட்டிக் கால் மடங்கிப் போகுமாம் அன்ரி.”

வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வேறு வீடு தேடவேண்டும் என்ற யோசனையே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தமிழர்களுக்குக் கொழும்பில் வாடகைக்கு வீடு கிடைப்பது லேசான காரியமில்லை.

“புதுச் சோடி வாங்கு” என்றார் அன்ரி. “ரோட்டில கால் வையாத சப்பாத்தில என்ன தீட்டு? அதை வீட்டுக்குள்ளயே போடட்டும். ஆனா சொல்லிப்போட்டன், அதோட வாசலைத் தாண்டினா பிறகு அது றோட்டுச் சப்பாத்துத்தான். திரும்ப உள்ள வரேலாது.”

அப்படியே ஆனது. உள் சப்பாத்துக் கறுப்பு, வெளிச் சப்பாத்து மண்ணிறம். வாசலில் அன்ரி நின்று என் காலைப் பார்ப்பார். “எங்க, எந்தக் காலால வாறீர்?” என்று கேட்பார். “அன்ரி, ஆமிக்காரன் கூட இவ்வளவு பாக்கிறேல்ல” என்று மனைவி சொல்லுவாள். “அவனுக்கு என்ன தெரியும் சாமியறையைப் பற்றி” என்பார் அன்ரி. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் வெறுங்காலோடு கூடத்தில் இருக்க, நான் பளபளக்கிற சப்பாத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். “என்ன, மந்திரி எப்ப வெளிக்கிடுறார்?” என்று ஒருத்தர் கேட்டுப்போட்டுப் போனார்.

பிசியோதெரபியில் நானாவை மறுபடி கண்டேன். இரும்புச் சட்டம் கழன்றிருந்தது. சிறுநீர்க் குழாயும் போய்விட்டது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து, தாரா வாத்து நடப்பது போல நடந்தார்.

“எப்பிடி நானா?”

“அல்ஹம்துலில்லாஹ். தொடையெல்லாம் வந்துட்டுது. முழங்கால் நீட்டுறன், பாருங்க. மேல் மாடிக்கெல்லாம் கரண்ட் வந்திட்டு. கீழ் மாடி இருட்டு. டொக்டர் செல்றாரு, மெயின் போர்டுக்குக் கிட்ட ஈக்கிற அறைக்குத்தான் முதல்ல வெளிச்சமாம். பாதம் தூரமாம். வந்தா வரும், வராட்டி இந்த பொல்லு ஈக்குது.” கைத்தடியை நிலத்தில் தட்டினார். “ஒங்கட வயர் எந்த எடத்தில நிக்குது?”

“முழங்காலுக்குக் கிட்ட.”

“அப்ப சந்திக்கு வந்தாச்சு.”

அந்த நாட்களில் முன்காலில் எறும்பு ஊர்வதும் நெருப்புச் சுடுவதுமாக ஒரு வேதனை தொடங்கியது. எனக்கு அதுவும் பயம்தான். பெரிய வைத்தியர் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் விரலால் தட்டினார். பாதத்தின் மேற்பக்கத்துக்கு மின்சாரம் ஓடியது. “இந்தக் கரண்ட் அடிக்கிற இடம் மாதம் மாதம் கீழ இறங்குதெண்டா நல்ல செய்தி” என்றார். அன்றிலிருந்து நான் காலைத் தட்டத் தொடங்கினேன். சாப்பிடும்போதும் தட்டினேன், ரேடியோவில் செய்தி கேட்கும்போதும் தட்டினேன்.

“இஞ்ச பாருங்கோ அன்ரி, கச்சேரி தொடங்கீட்டுது” என்பாள் மனைவி.

ஒரு வருடம் கடந்த பிறகு பாதத்தின் வெளி விளிம்பு கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. மேலே வரவில்லை. பெரியவர் சொன்னார்: “ஒன்றரை வருசம் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள தூக்காட்டி, உள்பக்கத்தில வேலை செய்யிற ஒரு தசைநாரை முன்னுக்குக் கொண்டுவந்து தைச்சு விடுவம். அதுவும் நல்ல ஒப்பறேசன்தான். ஆனா கணுக்கால் இளகி இருக்கவேணும். இப்ப இருக்கு.” அது ஆறுதலாகச் சொன்னது. நான் அன்று முழுக்க ஒப்பறேசனைத்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு சில கிழமைகளில், மிஸ் என்னைப் பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார். இடது கால் கட்டில் மேல் கிடந்தது, பாதத்தின் பாரம் பாதத்துக்குத் தெரியாதபடி.

“உஸ்ஸன்ன” என்றார்.

தூக்கினேன். மிஸ் கணுக்காலுக்கு முன்னால் விரலை வைத்தார். என் கையை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ஒரு நார் எழும்பியது, தாழ்ந்தது. பாதம் ஒரு விரற்கடை உயர்ந்து திரும்பி விழுந்தது. “ஆயெத்” என்றார் மிஸ். இன்னொரு தரம். இன்னொரு தரம் செய்தேன். பத்துத் தரத்துக்குள் களைத்துப் போனேன், மலை ஏறியவன் போல.

ஒப்பறேசன் தேவைப்படவில்லை. பாதம் மெல்ல மெல்லத் தூக்கியது. யாராவது கையால் அமத்தினால் நிற்காது, நீண்ட தூரம் நடந்தால் களைத்து விழும். அதற்குப் பலகை இருக்கிறது. பெருவிரல் இன்றுவரை தன் இஷ்டத்துக்குத்தான். பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு இன்னும் விறைப்பு. மூட்டு விலகியதால் தொடையெலும்பின் தலை ரத்தமில்லாமல் கெடலாம் என்று சொல்லியிருந்தார்கள்; இடுப்பு எக்ஸ்ரே படத்தில் அது நன்றாகவே இருந்தது. அந்தப் படத்தை வருடா வருடம் நான்தான் கேட்டுக் கேட்டு எடுப்பித்தேன்.

இவ்வளவு காலமும் முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் திரும்பப் போனபோது கைக்குட்டைப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தினார். ஏணியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. மற்றப் பையன்கள் இருவரும் வேறு ஆட்களோடு நின்றார்கள். மணப்பெண்ணின் தாய் அண்ணாந்து உச்சித் தட்டைப் பார்த்து, “அந்த அரக்குக் கலரை எடுங்கோ” என்றார்.

நான் எழுந்து போய் ஏணியை இழுத்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழும்பி நின்றார். முதல் படியில் வலது காலை வைத்தேன். இடது பாதம் பின்னால் எழும்பி, படியின் விளிம்பில் இடிக்காமல் மேலே போய் அமர்ந்தது. அடுத்த படி. அடுத்த படி. உச்சியில் நின்று அரக்குப் பட்டை உருவி எடுத்தேன். இறங்குவதுதான் கஷ்டம், படி எங்கே என்று பாதத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. கீழே பார்த்துப் பார்த்து இறங்கினேன். சேலையை மேசையில் விரித்தேன்.

தாய் அதைத் தொட்டுப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“இதில்லைத் தம்பி, இதுக்குப் பக்கத்தில இருந்தது.”

நான் திரும்பவும் ஏறினேன்.